காலி மாதத்தின் கணக்கு

வேளச்சேரியில் நான் வாடகை வீட்டுத் தொழிலுக்கு வந்தது 2001இல். அதற்கு முன் மூன்று வருடம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். கடை வாசல் பலகையில் 'வீடு வாடகைக்கு' என்று சீட்டு ஒட்ட ஒருவர் வருவார். அதைப் படித்துவிட்டு விசாரிக்க இன்னொருவர் வருவார். இருவருக்கும் நடுவில் நின்று பேசிப் பேசியே புரோக்கர் ஆனேன். தரமணியில் டைடல் பார்க் அப்போதுதான் திறந்திருந்தது. 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்த பிறகு வயல் இருந்த இடமெல்லாம் ஃபிளாட் முளைத்தது. வாங்கியவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களுக்காக வாடகை வசூலிப்பது, அசோசியேஷனில் பணம் கட்டுவது, சொத்து வரி கட்டுவது, குழாய் ஒழுகினால் ஆள் கூட்டிப் போவது என்று என் வேலை மெல்ல மாறியது. இன்று என் பொறுப்பில் நாற்பது வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நீள நோட்டில் தனிப் பக்கம் உண்டு.

அந்த நோட்டு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 2009இல் சிங்கப்பூரில் இருந்த ஒரு வீட்டுக்காரர் போன் செய்து, "தம்பி, போன வருஷம் அந்த வீட்ல எனக்கு எவ்வளவு நின்னுச்சு?" என்று கேட்டார். வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி ஒரு தொகை சொன்னேன். அவர் பேங்க் பாஸ்புக்கை வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார். "அவ்வளவு வரலையேப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் எனக்கு வியர்த்துவிட்டது. நான் பணத்தை எடுத்துவிட்டதாக அவர் நினைத்தால் என் பிழைப்பு அத்தோடு போயிற்று. அன்று இரவு உட்கார்ந்து ரசீதுகளைச் சேர்த்தேன். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்திருந்தது. அந்த இரண்டு மாதமும் மெயின்டனன்ஸ் அவர் பணத்தில்தான் போயிருந்தது. இரண்டு அரையாண்டு வரி கட்டியிருந்தேன். எல்லாம் சரியாக வந்தது. மறுநாள் அவருக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு பத்தி போடுகிறேன்: வந்த வாடகை, மெயின்டனன்ஸ், வரி, காலி நாட்கள்.

2024 தொடக்கத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் என்னைத் தேடி வந்தார். பணிக்கொடையும் சேமிப்புமாகக் கையில் இருந்த பணத்தில், கடன் வாங்காமல், ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற யோசனை. வேளச்சேரியில் 950 சதுர அடி, இரண்டு படுக்கையறை, முதல் மாடி, பத்து வருடப் பழைய வீடு. விலை 70 லட்சம். ஏற்கெனவே 25,000 வாடகைக்கு ஆள் இருந்து காலி செய்த வீடு. "வருஷத்துக்கு மூணு லட்சம் வருது. எழுபதுக்கு மூணுன்னா நாலேகால் பர்சென்ட்டுக்கு மேல. டெபாசிட்ல ஏழு தர்றான்தான், ஆனா வீடுன்னா விலையும் ஏறுமில்ல?" என்றார். விற்கிறவரின் புரோக்கர் சொல்லிக் கொடுத்த கணக்கு அது. தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கும் அதுதான், பல வருடம் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

நோட்டைத் திறந்து, "சார், முதல்ல எழுபதுங்கறதையே சரி பண்ணிடுவோம்" என்றேன்.

பழைய ஃபிளாட்டை வாங்கும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023இல் அரசு வழிகாட்டி மதிப்பை ஏற்றியபோது பதிவுக் கட்டணத்தை 4இலிருந்து 2ஆகக் குறைத்தது. ஆக மொத்தம் 9. முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால் 6 லட்சத்து 30 ஆயிரம். வாங்கும் தரகு 1 சதவீதம், 70 ஆயிரம். குடி வைப்பதற்கு முன் பெயின்ட், குளியலறைக் கசிவு, ஜன்னல் கம்பி, வக்கீல் கருத்துரை எல்லாவற்றுக்கும் ஒரு லட்சம். கூட்டினால் 78 லட்சம். வீட்டில் அவர் போடும் பணம் இதுதான், வருமானத்தை இதன் மேல்தான் பார்க்க வேண்டும். பத்து வருடமாக அந்த வீட்டை வைத்திருப்பவர், தொடர்ந்து வைத்திருப்பதா விற்பதா என்று யோசித்தால், அன்று 35 லட்சத்துக்கு வாங்கினோம் என்ற பழைய விலை உதவாது. விற்றால் இன்று கையில் வரும் தொகைமேல் பார்க்க வேண்டும். பல வீட்டுக்காரர்கள் பழைய விலைமேல் கணக்குப் போட்டு எட்டு சதவீதம் வருவதாக நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் வலியப் போய்க் கெடுப்பதில்லை. கேட்டால் மட்டும் சொல்லுவேன்.

அடுத்தது வாடகை. 25,000 என்றது மெயின்டனன்ஸ் உட்பட. அந்தக் குடியிருப்பில் அசோசியேஷனுக்கு மாதம் 3,000. சொத்து வரியும் குடிநீர் வாரியத்தின் வரி, கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000. பழைய ரசீதுகளை வாங்கிப் பார்த்து எழுதினேன். காலிக்கு வருடத்தில் ஒரு மாதம் என்று வைத்தேன். கணக்கு இப்படி வந்தது: 25,000 பதினோரு மாதத்துக்கு 2,75,000. மெயின்டனன்ஸ் பன்னிரண்டு மாதத்துக்கும் 36,000. அதைக் கழித்தால் 2,39,000. வரி 10,000 போனால் 2,29,000. இதை 78 லட்சத்தால் வகுத்தால் 2.94 சதவீதம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஒண்ணேகால் பர்சென்ட்டுக்கு மேல எங்க தம்பி போச்சு?" என்றார். நான்கு இடத்தில் போயிருந்தது. அதில் மெயின்டனன்ஸையும் காலி மாதத்தையும் மட்டும் விரித்துச் சொன்னேன். வாங்கும் செலவு ஒரு தடவையோடு முடிந்துவிடும். வரியை யாரும் தவிர்க்க முடியாது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் மாநகராட்சியில் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் கையில் இருப்பது மற்ற இரண்டும்தான்.

மெயின்டனன்ஸை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இரண்டு விதமாகப் பேசுவோம். '25,000, எல்லாம் உட்பட' என்பது ஒன்று. '22,000, மெயின்டனன்ஸ் தனி' என்பது மற்றது. இரண்டாவதில் குடியிருப்பவரே அசோசியேஷனுக்கு 3,000 கட்டிவிடுவார். இரண்டாவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், ஏனென்றால் தன் பையிலிருந்து போவது கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 22,000 பதினோரு மாதத்துக்கு 2,42,000. காலியான ஒரு மாதத்துக்கு மெயின்டனன்ஸ் 3,000 வீட்டுக்காரர் தலையில். வரி 10,000. மிச்சம் அதே 2,29,000.

ஆக, முதல் வருடத்தில் வித்தியாசமே கிடையாது. வித்தியாசம் வருவது அசோசியேஷன் பொதுக்குழுவுக்கு மறுநாள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. வேளச்சேரியில் போர்வெல்லில் காற்று வந்தது. குடியிருப்பு குடியிருப்பாக லாரித் தண்ணீர் வாங்கினார்கள். என் பொறுப்பில் இருந்த ஒரு குடியிருப்பில் ஒரே மாதத்தில் மெயின்டனன்ஸ் 3,000 என்பது 3,800 ஆனது. தண்ணீர் திரும்பி வந்த பிறகும் அது 3,000க்கு இறங்கவில்லை. 'உட்பட' என்று எழுதிக் கொடுத்திருந்த வீட்டுக்காரருக்கு வருடம் 9,600 நஷ்டம், அக்ரிமென்ட் முடியும் வரை வாடகையை ஏற்றவும் முடியாது. 'தனி' என்று எழுதியவருக்குக் காலி மாதத்தில் மட்டும் 800 கூடுதல். அதிலிருந்து என் அக்ரிமென்ட் எல்லாவற்றிலும் 'மெயின்டனன்ஸ் தனி, சங்கம் நிர்ணயிக்கும் தொகைப்படி' என்று எழுதுகிறேன். ஆனால் லிஃப்ட் மாற்றுவது, கட்டடத்துக்கு வெளிப்பூச்சு, புது போர்வெல் என்று தனியாக வசூலிக்கும் தொகையைக் குடியிருப்பவரிடம் கேட்கக் கூடாது. அது வீட்டுக்காரருடையது. கேட்டுப் பார்க்கச் சொன்ன ஒரு வீட்டுக்காரரால் மூன்று வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பம் ஒன்று அடுத்த மாதமே காலி செய்துவிட்டுப் போனது. இன்னும் அது எனக்கு மனசுக்குள் கிடக்கிறது.

பழைய ஃபிளாட் வாங்கும் முன் அசோசியேஷன் செயலாளரைப் பார்த்து மூன்று விஷயம் கேட்கச் சொல்வேன்: கடந்த ஐந்து வருடத்தில் மெயின்டனன்ஸ் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு வந்தது, கார்பஸ் நிதியில் என்ன இருக்கிறது, லிஃப்ட்டுக்கு என்ன வயது. இவர் கேட்டுவிட்டு வந்தார். கார்பஸில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. லிஃப்ட் கட்டடத்தோடு வைத்தது. அதைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.

இனி காலி மாதம். என் நோட்டில் சிவப்பு மையில் எழுதும் பத்தி அது ஒன்றுதான். பன்னிரண்டில் ஒரு மாதம் போனால் வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது எட்டே கால் சதவீதத்துக்குச் சற்று மேல் போகும் என்று தோன்றும். போவது அதைவிட அதிகம். ஒரு நாள்கூடக் காலியாக இல்லாவிட்டால் இந்த வீட்டில் நிற்பது 2,54,000. ஒரு மாதம் காலி என்றால் 25,000 போய் 2,29,000. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வாடகை நின்றாலும் மெயின்டனன்ஸும் வரியும் நிற்பதில்லை, அதனால்தான் அடி பலமாக விழுகிறது. செலவு அதிகமுள்ள வீட்டில் இன்னும் பலமாக விழும். இந்த வீட்டில் ஒவ்வொரு காலி மாதமும் 0.32 சதவீதத்தைத் தின்றுவிடும். காலியே இல்லை என்றால் 3.26. ஒரு மாதம் என்றால் 2.94. இரண்டு மாதம் என்றால் 2.62. மூன்று மாதம் என்றால் 2.29.

இதைத் தெரிந்தும் வீட்டைப் பூட்டி வைப்பவர்கள் உண்டு. ஒரு வீட்டுக்காரர் 27,000க்குக் குறைந்து தரவே கூடாது என்றார். பக்கத்து பிளாக்கில் அதே அளவு வீடு 25,000க்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் வாரத்திலேயே கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் வந்து 25,000 என்றார்கள். "இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்பா" என்றார். இரண்டு வாரம் மூன்று மாதமாயிற்று. கடைசியில் 25,500க்கு விட்டோம். மூன்று மாதத்தில் 75,000 போனது. கூடுதலாகக் கிடைத்தது மாதம் 500. அந்த 75,000 திரும்பி வர 150 மாதம், பன்னிரண்டரை வருடம் ஆகும். அவர் கேட்ட 27,000 கிடைத்திருந்தாலும் 37 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். பெரும்பாலான குடித்தனங்கள் அவ்வளவு நாள் இருப்பதில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கூடுதலாகக் கேட்கும் தொகையைப் பதினொன்றால் பெருக்குவேன். அந்த அக்ரிமென்ட் காலத்தில் கிடைக்கக்கூடிய கூடுதல் அவ்வளவுதான். அதை ஒரு காலி மாதத்தின் விலையால் வகுத்தால், அதற்காக எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று தெரியும். 1,000 கூடுதல் என்றால் 11,000. ஒரு மாதத்தின் விலை 25,000. பதிமூன்று நாள். இரண்டு வாரத்துக்குள் அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்றால் கேட்கிற விலையை இறக்கச் சொல்லிவிடுவேன். வீட்டை இணையத்தில் போட்ட முதல் பத்து நாளில் நாலு பேர்கூட வந்து பார்க்கவில்லை என்றால் வாடகை அதிகம் என்று அர்த்தம். பத்துப் பேர் பார்த்துவிட்டு யாரும் திரும்பிப் பேசவில்லை என்றால் வீட்டில் ஏதோ குறை. பெரும்பாலும் குளியலறை. அல்லது அழுக்குச் சுவர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, குறையுள்ள வீட்டுக்கு வாடகையைக் குறைப்பவர்களும், அதிக வாடகை சொன்ன வீட்டுக்குத் திரும்பவும் பெயின்ட் அடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

காலி எப்போது விழுகிறது என்பதும் முக்கியம். சென்னையில் ஆடியில் வீடு மாறுபவர்கள் குறைவு. மார்கழியிலும் அப்படியே. பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள குடும்பங்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் மாறிவிடும். ஜூலை 31இல் காலியாகும் வீட்டுக்கு அப்போது ஆடி பாதி. ஆவணி பிறந்த பிறகே ஆட்கள் வருவார்கள். டிசம்பர் 31இல் காலியானால் பொங்கல் வரை சாவி என் மேஜையில் தொங்கும். வழக்கமாக எழுதுவது பதினோரு மாத அக்ரிமென்ட். பிப்ரவரி 1இல் தொடங்கினால் டிசம்பர் கடைசியில் முடியும், நேராக மார்கழி. செப்டம்பர் 1இல் தொடங்கினால் ஜூலை கடைசி, நடு ஆடி. ஜூன் 1இல் தொடங்கினால் ஏப்ரல் 30. நான் கைவசம் உள்ள வீடுகளை எல்லாம் மெல்ல மெல்ல ஜூனுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். செப்டம்பரில் வருபவருக்குப் பதினொன்றுக்குப் பதில் எட்டு மாதம் எழுதிப் பிறகு புதுப்பிக்கிறேன். எட்டு மாதம் என்றால் ஏப்ரல் 30. பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. புதுப்பிப்பதற்கு அவர்களிடம் தரகு வாங்குவதில்லை.

இன்னொன்று நோட்டீஸ் காலம். இரண்டு மாத நோட்டீஸ் எழுதியிருந்தாலும், அந்த இரண்டு மாதத்தில் வீட்டைக் காட்ட விடாவிட்டால் பயனில்லை. குடியிருப்பவரிடம் முன்னாலேயே ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் என்று பேசி வைத்துக்கொள்வேன். அவர்கள் அட்வான்ஸ் எந்தத் தேதியில் திரும்பும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டால் கதவைத் திறந்து வைப்பார்கள். அட்வான்ஸில் இழுத்தடிப்பார்கள் என்று பயம் வந்துவிட்டால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். என் அனுபவத்தில் காலி நாட்களைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் இந்த ஒரு பேச்சுதான்.

வந்தவருக்கு வருடம் ஒரு மாதம் என்று காலி போட்டேனே, அது சரிதானா என்று அவரே கேட்டார். நல்ல கேள்வி. அந்தத் தெருவிலேயே, அதே அளவுள்ள ஒரு வீட்டின் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். 2014 முதல் 2023 வரை பத்து வருடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் கீழே கார் நிறுத்தும் இடமும் மின் மீட்டர்களும் மூழ்கின. குடியிருந்தவர்கள் ஜனவரியில் கிளம்பினார்கள். வீடு தேடுபவர்கள் வேளச்சேரி என்றாலே வேண்டாம் என்றார்கள், மூன்று மாதம் காலி. 2020இல் கொரோனாவால் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்து வேலை என்று சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த வீடு ஆறு மாதம் காலி. மீதி எட்டு வருடத்தில் மொத்தம் ஐந்து மாதம்தான். பத்து வருடத்தில் பதினான்கு மாதம், சராசரி வருடத்துக்கு 1.4. அந்தச் சராசரியை இவர் வீட்டுக்குப் போட்டால் 2,19,000 நிற்கும், 2.81 சதவீதம். நல்ல வருடம் ஒன்றை மட்டும் பார்த்தால் காலியே விழாத வீடு போலத் தெரியும். 2020ஐ மட்டும் பார்த்தால் வீட்டையே விற்கத் தோன்றும். குறைந்தது இரண்டு குடித்தனம் மாறிய காலத்தையாவது சேர்த்துப் பார்க்காமல் சராசரி சொல்லக் கூடாது.

நான்கு பத்திக்கு வெளியே இன்னும் சில செலவு உண்டு. புதிதாக ஆள் வைக்கும்போது வீட்டுக்காரர் ஒரு மாத வாடகையைத் தரகாகத் தருகிறார் என்றால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் வீட்டில் வருடத்துக்கு 12,500. பெயின்டுக்கு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம், ஆனால் முழு வீட்டுக்கும் அடிக்க அது போதாது. ரிப்பேரையும் சேர்த்து வருடம் 16,500 என்று எழுதினேன். இரண்டையும் கழித்தால் 2,29,000 என்பது சரியாக 2 லட்சம் ஆகிறது, 2.56 சதவீதம். மறுபக்கம் அட்வான்ஸ் வட்டி. முன்பெல்லாம் பத்து மாத அட்வான்ஸ் சாதாரணம். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. இந்தப் பக்கம் ஆறு மாதம் பேசி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை லட்சத்தை 7 சதவீத டெபாசிட்டில் போட்டால் 10,500 வரும். அதைச் சேர்த்தால் 2.7. அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்குத்தான் இது. செலவழித்துவிட்டவர் அட்வான்ஸைத் திருப்பித் தர அடுத்த ஆளின் அட்வான்ஸுக்காகக் காத்திருப்பார், பழைய ஆள் கதவைத் திறக்கமாட்டார், காலி பத்தியில் சிவப்பு ஏறும்.

இதெல்லாம் வருமான வரிக்கு முந்திய கணக்கு. வரியில், வந்த வாடகையில் வீட்டுக்காரர் கட்டிய சொத்து வரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம், உண்மையில் எவ்வளவு செலவழித்தாலும் சரி. அவருக்கு எந்த வரி வரம்பு என்பதை அவருடைய ஆடிட்டர்தான் பார்க்க வேண்டும், அதை நான் என் பக்கத்தில் எழுதுவதில்லை.

"அப்போ வாங்க வேண்டாங்கறீங்களா?" என்று கேட்டார். வீட்டின் விலை ஏறுமா என்பது வேறு கணக்கு. அது விற்கும் நாளில் வருவது, மருந்துக்கும் மளிகைக்கும் மாதாமாதம் வராது. அவருக்கு வேண்டியது மாதாமாதம் வரும் பணம். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: "உங்களுக்குக் குறைஞ்சது எவ்வளவு வேணும் சார்?" மூன்றரை என்றார். 2,29,000 மூன்றரை சதவீதமாக இருக்க வேண்டும் என்றால் மொத்தச் செலவு 65 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. பத்திரம், தரகு, ரிப்பேர் போனால் வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய விலை சுமார் ஐம்பத்தெட்டரை லட்சம்தான். எழுபது கேட்பவரிடம் போய் ஐம்பத்தெட்டரை என்றால் பேச்சே நின்றுவிடும். நின்றும் விட்டது.

இரண்டு மாதம் கழித்து நங்கநல்லூரில் ஒரு வீடு காட்டினேன். 600 சதுர அடி, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. வாசலில் காவலாளி கிடையாது, ஜிம் கிடையாது. மொத்தம் எட்டு வீடு, மெயின்டனன்ஸ் 1,200. விலை 42 லட்சம். பத்திரச் செலவு 3,78,000, தரகு 42,000, ரிப்பேர் 80,000. மொத்தம் 47 லட்சம். வாடகை எல்லாம் சேர்த்து 16,000 கிடைக்கும். பதினோரு மாதத்துக்கு 1,76,000. மெயின்டனன்ஸ் 14,400, வரிகள் 6,600. மிச்சம் 1,55,000. 3.3 சதவீதம்.

அவர் கேட்ட மூன்றரை வரவில்லை. வேளச்சேரி வீட்டோடு ஒப்பிட்டால் அதிகம்தான், காரணம் எளிது. அங்கே வாடகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் அசோசியேஷனுக்குப் போனது, இங்கே ஏழரை. காலியாகும்போது இழப்பதும் மாதம் 16,000தான். மாற்றுவதற்கு லிஃப்ட்டும் இல்லை. ஆனால் லிஃப்ட் இல்லாத மாடி வீட்டுக்கு வயதானவர்கள் அதிகம் வரமாட்டார்கள் என்பதையும், வீடு பழசாகப் பழசாக விற்கும்போது விலை பேச வேண்டியிருக்கும் என்பதையும் அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மனைவியைக் கூட்டி வந்து காட்டினார். அந்த அம்மா எல்லா அறையையும் பார்த்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நங்கநல்லூர் தண்ணிதானே, உப்பு இருக்காதா?" என்றார். "உப்புதாம்மா. சமையலுக்கு மெட்ரோ தண்ணி வருது" என்றேன்.

ஏப்ரலில் பத்திரம் முடிந்தது. மே மாதம் முழுக்க ரிப்பேர். மூன்றாவது வாரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், அம்மாவோடு இருக்க வீடு தேடி வந்தார். 15,000 தருகிறேன் என்றார். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவரே தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்திருக்கிறார். "ஆயிரம் ரூபாய்க்குப் பதினோராயிரம். அதை ஒரு மாச வாடகையால வகுத்தா இருபது நாள் காத்திருக்கலாம்னு வருது. இன்னிக்கு மே 20. ஜூன் ஒண்ணுக்குள்ள வேற ஆள் வருவாங்களா தம்பி?"

"வரலாம் சார். ஆனா இவங்க ரெண்டு பேர்தான், பள்ளிக்கூடம் பக்கத்துல. சீக்கிரம் மாறமாட்டாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "14,000, மெயின்டனன்ஸ் தனி. கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டேன். 15,200 ஆயிற்று, ஒத்துக்கொண்டார்கள். நோட்டில் புதுப் பக்கம் போட்டு நான்கு பத்திக் கோடு கிழித்தேன். அக்ரிமென்ட் தொடக்கம் ஜூன் 1. முடிவு ஏப்ரல் 30.